சான்றிதழ் வரவில்லை என்று பல்கலைக்கழகம் சொன்னால் எப்படி எழுதுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எல்லாத்தையும் அப்லோட் பண்ணியாச்சு. ஆனா போர்ட்டல்ல ஒரு சர்டிபிகேட்டுக்கு நேரா `Not Submitted`னு காட்டுது. உடனே மெயில் போடட்டா?

வேண்டாம். முதலில் போர்ட்டலுக்குள் போய், நீங்கள் ஏற்றிய ஒவ்வொரு கோப்பையும் திறந்து பாருங்கள். பெயரைப் பார்த்துவிட்டு விட்டுவிடக் கூடாது, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். சாதிச் சான்றிதழ் என்று போட்ட இடத்தில் வருமானச் சான்றிதழ் உட்கார்ந்திருக்கும். மதிப்பெண் பட்டியலில் முன்பக்கம் மட்டும் இருக்கும். சிலருக்குக் கோப்பு ஏறியிருக்கும், ஆனால் கடைசியில் `Final Submit` அழுத்தாமல் வரைவாகவே கிடக்கும். இவற்றில் ஒன்றாக இருந்தால், கடைசி நாளும் முடியவில்லை என்றால், நீங்களே சரிசெய்துவிடலாம். அலுவலகத்தை எழுப்பத் தேவையில்லை.

பார்த்து முடித்ததும் உங்கள் நிலைமை மூன்றில் ஒன்று என்று தெரிந்துவிடும். சான்றிதழ் கையில் இருக்கிறது, நீங்கள் அனுப்பவில்லை. அனுப்பிவிட்டீர்கள், அவர்களுக்குத் தெரியவில்லை. அல்லது சான்றிதழையே கொடுக்க வேண்டியவர்கள் இன்னும் கொடுக்கவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ‘விடுபட்ட சான்றிதழ்’தான். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி ஒவ்வொன்றுக்கும் வேறு. முதல் வகைக்கு, ஏற்றும் பக்கம் மூடிவிட்டதா என்பது கேள்வி. இரண்டாவதற்கு, இந்தத் தேதியில் ஏற்றிய கோப்பு உங்களிடம் திறக்கிறதா என்பது கேள்வி. மூன்றாவதற்கு, எந்த நாள் வரை காத்திருப்பீர்கள் என்பது கேள்வி. எந்த வகை என்று தெரியாமல் எழுதுகிற கடிதம்தான் நீண்டுபோகிறது.

காலேஜ்ல பிரின்சிபால் கையெழுத்து போட்டு தந்த சர்டிபிகேட்ட தான போட்டேன். அத ஏன் எடுக்கல்ல?

குமரி மாவட்டத்து மாணவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

நாகர்கோவில், மார்த்தாண்டம், தக்கலை பக்கத்துக் கலை அறிவியல் கல்லூரிகள் திருநெல்வேலி அபிஷேகப்பட்டியில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் இணைப்பில் இருப்பவை. அந்தப் பல்கலைக்கழகம் 1990இல் தொடங்கப்பட்டது. இணைப்புக் கல்லூரி என்றால் பாடம் நடத்துவது கல்லூரி, பட்டம் தருவது பல்கலைக்கழகம். அதனால் படிப்பு முடித்தவர் கையில் வரும் தாள்கள் இரண்டு இடங்களிலிருந்து வருகின்றன. டி.சி., நன்னடத்தைச் சான்றிதழ், கோர்ஸ் கம்ப்ளீஷன் எனப்படும் படிப்பு நிறைவுச் சான்றிதழ் ஆகியவை கல்லூரி தருபவை. புரொவிஷனல் எனப்படும் தற்காலிகப் பட்டச் சான்றிதழ், மைக்ரேஷன் எனப்படும் இடப்பெயர்வுச் சான்றிதழ், பட்டமளிப்பு விழாவுக்குப் பிறகு வரும் பட்டச் சான்றிதழ் ஆகியவை பல்கலைக்கழகம் தருபவை.

கோர்ஸ் கம்ப்ளீஷனில் ‘இவர் இந்த ஆண்டிலிருந்து இந்த ஆண்டு வரை இங்கே படித்தார்’ என்றுதான் இருக்கும். எல்லாத் தாளிலும் தேறிவிட்டார், பட்டத்துக்குத் தகுதி பெற்றுவிட்டார் என்று அது சொல்வதில்லை. அதைச் சொல்வது புரொவிஷனல். அரியர் வைத்திருப்பவருக்கும் கோர்ஸ் கம்ப்ளீஷன் கிடைக்கும், புரொவிஷனல் கிடைக்காது. சேர்க்கை அலுவலகம் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை எடுக்காததற்குக் காரணம் இதுதான்.

வித்தியாசம் கண்டுபிடிக்கத் தாளின் அடியைப் பாருங்கள். முதல்வர் கையெழுத்தும் கல்லூரி முத்திரையும் மட்டும் இருந்தால் அது கல்லூரித் தாள். பல்கலைக்கழகத்தின் பெயரும் தேர்ச்சி பெற்ற மாதமும் ஆண்டும் இருந்தால் புரொவிஷனல். தன்னாட்சிக் கல்லூரியில் படித்தவர்கள் இங்கே குழம்புவார்கள். அங்கே மதிப்பெண் பட்டியலில் கல்லூரியின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரே கையெழுத்திடுகிறார். ஆனாலும் பட்டம் பல்கலைக்கழகத்தின் பெயரில்தான்.

எங்கிட்ட அஞ்சாறு நம்பர் இருக்கு. எத எழுதணும்?

விண்ணப்ப எண். சேர்க்கை அலுவலகத்தில் உங்கள் மெயிலைத் திறப்பவர் முதலில் செய்வது, அந்த எண்ணைத் தன் திரையில் தட்டித் தேடுவது. பெயரை மட்டும் கொடுத்தால் ஒரே பெயரில் நாலைந்து பேர் வருவார்கள். அஜின், அபிஷா, ஜெபின் என்ற பெயர்கள் நம் மாவட்டத்திலிருந்து மட்டுமே எத்தனை போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

லாகின் செய்யும் யூசர் ஐடி வேறு, விண்ணப்ப எண் வேறு. யூசர் ஐடி பதிவு செய்த அன்றே வந்துவிடும். விண்ணப்ப எண் சில போர்ட்டல்களில் கட்டணம் கட்டிய பிறகுதான் உருவாகும். பட்டப்படிப்பில் தேர்வு எழுதிய பதிவெண் உங்கள் பழைய பல்கலைக்கழகத்துக்குத்தான் தெரியும். புதிய இடத்தில் அதைத் தேடினால் ஒன்றும் வராது. கூகுள் பேயில் கட்டினால் வரும் 12 இலக்க யுபிஐ எண் கட்டணம் பற்றிய தகராறுக்கு மட்டும். இ-சேவையில் வாங்கிய சாதிச் சான்றிதழில் `TN-` என்று தொடங்கும் எண், அந்தச் சான்றிதழைச் சரிபார்ப்பதற்கு. அதைப் பற்றிக் கேள்வி இருந்தால் மட்டும் எழுதுங்கள். ஆதார் எண்ணை எங்கேயும் எழுத வேண்டாம். அதை வைத்து யாரும் உங்கள் விண்ணப்பத்தைத் தேடப்போவதில்லை.

எண்ணைக் கையால் தட்டாமல் விண்ணப்பத்தின் பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டுங்கள். பூஜ்யத்துக்குப் பதில் ஆங்கில எழுத்து `O` விழுந்துவிட்டால் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் தேடலில் ‘பதிவு இல்லை’ என்று வரும். இடையில் உள்ள கோடு, முன்னால் வரும் பூஜ்யங்கள் எல்லாம் எண்ணின் பகுதிதான்.

இதற்கு முன்னால் அந்த அலுவலகம் உங்களுக்கு ஏதாவது பதில் போட்டிருந்தால், அதில் ஒரு டிக்கெட் எண்ணோ, அரசு நடையில் ‘ந.க.எண்’ என்றோ ஒன்று இருக்கும். அதையும் சேர்த்து எழுதுங்கள். தமிழ்க் கடித மரபில் ‘பொருள்’ வரிக்குக் கீழே ‘பார்வை’ என்று ஒரு வரி இருக்கிறதே, அது இதற்காகத்தான். பள்ளியில் விடுமுறைக் கடிதம் எழுதும்போது அந்த வரி தேவைப்படாததால் பலர் அதை மறந்தே போகிறார்கள்.

புரொவிஷனல் பத்தி ஒண்ணு, ஹாஸ்டல் பத்தி ஒண்ணு, பீஸ் பத்தி ஒண்ணு. மூணையும் ஒரே மெயில்ல கேட்டா என்ன?

எளிதான கேள்விக்கு மட்டும் பதில் வரும். ‘ஹாஸ்டல் விவரம் சேர்க்கைக்குப் பின் அறிவிக்கப்படும்’ என்று ஒரு வரி எழுதி, உங்கள் டிக்கெட்டை முடித்துவிடுவார்கள். புரொவிஷனல் கேள்வி அப்படியே நிற்கும், நீங்களோ பதில் வந்துவிட்டதாக நினைத்திருப்பீர்கள். அவர்கள் வேண்டுமென்று செய்வதில்லை. மூன்று கேள்விக்கு மூன்று மேசை. மெயில் ஒரு மேசைக்குத்தான் போகும்.

கடைசி நாள் எதற்கு முதலில் வருகிறதோ அதை மட்டும் இப்போது கேளுங்கள். மற்றதைத் தனி மெயிலில், தனிப் பொருள் வரியோடு, அந்தந்தப் பிரிவின் முகவரிக்கு அனுப்பலாம். விண்ணப்ப எண் எல்லாவற்றிலும் ஒன்றேதான்.

கேள்விய எப்பிடி எழுதுனா பதில் வரும்? ஒரு மாதிரி காட்டுங்க.

‘நான் என்ன செய்ய வேண்டும்?’ என்று முடிக்காதீர்கள். அதற்கு ‘விவரக் கையேட்டைப் பார்க்கவும்’ என்றுதான் பதில் வரும். பதில் எழுதுபவர் ‘போதும்’ அல்லது ‘போதாது’ என்று ஒரு சொல்லில் முடிக்கும்படி கேளுங்கள். கேள்விக்குள்ளேயே சான்றிதழின் பெயரும் தேதியும் இருக்க வேண்டும். மேலே உள்ள பத்தியை அவர் படிக்காவிட்டாலும் கேள்வி மட்டும் தனியாக நிற்க வேண்டும்.

மார்த்தாண்டத்து மாணவி ஒருவர் பி.எஸ்சி. கணிதம் முடித்து, வேறு மாவட்டத்தில் உள்ள மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் எம்.எஸ்சி.க்கு விண்ணப்பித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விண்ணப்ப எண் PG26-004317. ஜூன் 29 அன்று போர்ட்டலில் புரொவிஷனலுக்கு நேரே `Not Submitted` என்று தெரிகிறது. திருத்தம் செய்யக் கடைசி நாள் ஜூலை 7. சான்றிதழ் சரிபார்ப்பு ஜூலை 14. இவர் முதலில் எழுதியது இப்படி:

‘ஐயா, நான் ஏழைக் குடும்பத்தைச் சேர்ந்தவள். அப்பா ரப்பர் வெட்டும் தொழிலாளி. எல்லாச் சான்றிதழ்களையும் சரியாகப் பதிவேற்றிவிட்டேன். ஆனாலும் இல்லை என்று காட்டுகிறது. ஒரு சான்றிதழ் இன்னும் கல்லூரியிலிருந்து கிடைக்கவில்லை. தயவுசெய்து என் எதிர்காலத்தைக் கருத்தில் கொண்டு உதவுங்கள். அவசரம்.’

இதில் எண் இல்லை. எந்தச் சான்றிதழ் என்று இல்லை. எல்லாவற்றையும் ஏற்றிவிட்டேன் என்கிறார், ஒன்று கிடைக்கவில்லை என்றும் சொல்கிறார். இரண்டும் உண்மைதான், ஆனால் படிப்பவருக்கு ஒன்றுக்கொன்று முரண். குடும்ப நிலைமை கட்டணச் சலுகைக் கடிதத்துக்கு உதவும். இங்கே அது கேள்வியை மறைக்கிறது. கடைசி வரை தேடினாலும் கேள்விக்குறி ஒன்று இல்லை.

முன்பு சொன்னபடி கோப்புகளைத் திறந்து பார்த்தபோது அந்த இடத்தில் தான் போட்டது கோர்ஸ் கம்ப்ளீஷன் என்று அவருக்குத் தெரிந்தது. கல்லூரி அலுவலகத்தில் கேட்டதில், புரொவிஷனல் பல்கலைக்கழகத்திலிருந்து இன்னும் வந்து சேரவில்லை என்றார்கள். அப்படியானால் இது மூன்றாவது வகை. மெயிலின் பொருள் வரி:

```
Application No. PG26-004317 - Provisional Certificate - last date 07.07.2026
```

உள்ளே எழுதுவது:

பெறுநர்: சேர்க்கைப் பிரிவு, (பல்கலைக்கழகத்தின் பெயர்)

பொருள்: எம்.எஸ்சி. கணிதம் – தற்காலிகப் பட்டச் சான்றிதழ் ஒப்படைக்கும் நாள் – தெளிவு கோருதல்.

பார்வை: 1. விண்ணப்ப எண் PG26-004317. 2. இணையதளக் குறிப்பு, நாள் 29.06.2026.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

மேற்கண்ட எண்ணில் எம்.எஸ்சி. கணிதத்துக்கு விண்ணப்பித்துள்ளேன். தற்காலிகப் பட்டச் சான்றிதழுக்கான இடத்தில் 18.06.2026 அன்று நான் பதிவேற்றியது, கல்லூரி முதல்வர் வழங்கிய படிப்பு நிறைவுச் சான்றிதழ். ஆறாம் பருவம் வரை எல்லாத் தாள்களிலும் தேர்ச்சி பெற்றுள்ளேன். தற்காலிகப் பட்டச் சான்றிதழ் பல்கலைக்கழகத்திலிருந்து கல்லூரிக்கு இன்னும் வரவில்லை.

தற்காலிகப் பட்டச் சான்றிதழை 14.07.2026 அன்று சான்றிதழ் சரிபார்ப்பின்போது நேரில் ஒப்படைத்தால் போதுமா, அல்லது 07.07.2026க்குள் இணையதளத்தில் பதிவேற்றியே ஆக வேண்டுமா?

இணைப்பு: ஆறாம் பருவத் தேர்வு முடிவின் நகல் – 1 பக்கம்.

இப்படிக்கு,
(விண்ணப்பத்தில் உள்ளபடி பெயர்)
(விண்ணப்பத்தில் கொடுத்த கைபேசி எண்)

அவ்வளவுதான். தன் தவறை இந்த மாணவி ஒரே வரியில் சொல்லிவிட்டதைக் கவனியுங்கள். மன்னிப்பு கேட்டு ஒரு பத்தி எழுதவில்லை, போர்ட்டல் சரியில்லை என்றும் சொல்லவில்லை. ‘ஏற்றியது இது, ஏற்ற வேண்டியது அது’ என்று தெரிந்ததும் பதில் சொல்பவர் மேற்கொண்டு எதையும் தேட வேண்டியதில்லை.

ஒரே கேள்விக்குள் ‘இதுவா, அதுவா’ என்று இரண்டு வழியையும் வைத்ததற்கும் காரணம் உண்டு. ‘நேரில் தரலாமா?’ என்று மட்டும் கேட்டால் ‘தரலாம்’ என்று பதில் வரலாம். போர்ட்டலில் 7ஆம் தேதிக்குள் ஏதாவது ஏற்ற வேண்டுமா என்பது அப்போதும் தெரியாது.

தமிழ்ல எழுதலாமா? இங்கிலீஷ்ல எழுதுனாத்தான் மதிப்பாங்களா?

தமிழ்நாட்டு மாநிலப் பல்கலைக்கழகத்துக்குத் தாராளமாகத் தமிழில் எழுதலாம். தமிழ் அங்கே அலுவல் மொழி. பொருள் வரியை மட்டும் ஆங்கிலத்தில் வைப்பது நல்லது. போர்ட்டலில் சான்றிதழ்களின் பெயர் ஆங்கிலத்தில் இருப்பதால், அவர்கள் மெயில் பெட்டியில் தேடும்போது அது உடனே அகப்படும். திருவனந்தபுரத்துக்கோ மத்தியப் பல்கலைக்கழகத்துக்கோ விண்ணப்பித்திருந்தால் முழுவதும் ஆங்கிலம்தான். சேர்க்கைப் பிரிவில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் இருப்பார் என்று நம்பி அனுப்ப முடியாது. மேலே உள்ள மாதிரியை வாக்கியத்துக்கு வாக்கியம் எளிய ஆங்கிலத்தில் வைத்தாலே போதும். வட்டார வழக்கில் பேசி, போனின் குரல் தட்டச்சை நம்பி அனுப்பாதீர்கள். ‘புரொவிஷனல்’ என்று சொன்னது அதன் காதில் என்னவாக விழும் என்று சொல்ல முடியாது.

பிரவுசிங் சென்டர்ல தான் அப்ளை பண்ணுனேன். மெயில் ஐடி அவங்களோடது. இப்ப எந்த ஐடியில இருந்து அனுப்பணும்?

இது பெரிய சிக்கல், முதலில் தீர்க்க வேண்டியதும் இதுதான். விண்ணப்பத்தின் பிடிஎஃப்பைத் திறந்து, மெயில் முகவரியும் கைபேசி எண்ணும் யாருடையவை என்று பாருங்கள். சென்டரின் முகவரி இருந்தால், பல்கலைக்கழகம் அனுப்பிய நினைவூட்டல்கள் எல்லாம் அங்கே போய்க் குவிந்திருக்கும். சேர்க்கை நேரத்தில் ஒரு சென்டர் எத்தனை பேருக்கு விண்ணப்பம் போடுகிறது! உங்களுக்கு வந்ததைப் பிரித்துப் பார்க்க அவர்களுக்கு எங்கே நேரம்?

போர்ட்டலில் சுயவிவரப் பக்கத்தில் மாற்ற வழி இருந்தால் மாற்றிவிடுங்கள். பழைய எண்ணுக்கு ஓ.டி.பி. போகும் என்பதால் சென்டரில் உட்கார்ந்தே செய்ய வேண்டியிருக்கும். மாற்ற வழி இல்லையென்றால் சென்டரின் மெயிலிலிருந்தே அனுப்பச் சொல்லி, நகல் வரியில் உங்கள் சொந்த முகவரியைச் சேருங்கள். பதிவில் இல்லாத முகவரியிலிருந்து வரும் மெயிலுக்கு, விண்ணப்பதாரரின் விவரத்தைச் சொல்லக்கூடாது என்று சில அலுவலகங்கள் பதிலே தருவதில்லை.

வளைகுடாவில் இருக்கும் அப்பாவோ அண்ணனோ தங்கள் மெயிலிலிருந்து எழுதுவதற்கும் இதேதான். வாசகத்தை அவர்கள் தயார் செய்யட்டும், அனுப்புவது பிள்ளையின் பதிவு முகவரியிலிருந்து போகட்டும்.

மெயில்ல என்னெல்லாம் இணைக்கணும்?

கேள்விக்குத் தேவையான ஒரு தாள். சந்தேகத்துக்கு இருக்கட்டும் என்று பத்து சான்றிதழையும் இணைத்தால், எதைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்பதே மறைந்துவிடும். மெயிலில் இணைத்துவிட்டால் போர்ட்டலில் ஏறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். அவர்களே ‘மெயிலில் அனுப்புங்கள்’ என்று எழுதினால் தவிர, இணைப்பு என்பது கேள்விக்குச் சாட்சி மட்டும்தான்.

கோப்பின் பெயரில் எண் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் வந்த `IMG-20260618-WA0007.jpg` என்ற பெயரிலேயே அனுப்பினால், அவர்கள் கணினியில் சேமித்த பிறகு அது யாருடையது என்று யாருக்கும் தெரியாது. இப்படி மாற்றுங்கள்:

```
PG26-004317_Sem6_Result.pdf
```

வாட்ஸ்அப்பில் படமாக வந்தது தரம் குறைந்து வரும் என்பதால் முத்திரை எழுத்துகள் கலங்கியிருக்கும். தாளைச் சன்னலோரம் வைத்து நேராக ஸ்கேன் செய்து, பின்பக்கத்தில் எழுத்து இருந்தால் அதையும் அதே பிடிஎஃப்பில் சேருங்கள். கூகுள் டிரைவ் லிங்க் அனுப்பாதீர்கள். அனுமதி கேட்டு நிற்கும் லிங்க்கை அங்கே யாரும் துரத்திக்கொண்டிருக்க மாட்டார்கள். கடவுச்சொல் கேட்கும் பிடிஎஃப்பும் அப்படித்தான்.

மூணு நாளாச்சு, பதில் வரல்ல. திரும்ப அனுப்பட்டா?

நாள் என்றால் வேலைநாள். நம் மாணவி ஜூன் 30, செவ்வாய்க்கிழமை அனுப்பினார் என்றால் ஜூலை 3, வெள்ளிக்கிழமை காலையில் நினைவூட்டலாம். அதைத் தவறவிட்டால் சனி, ஞாயிறு போய்விடும், மிச்சம் இருப்பது திங்களும் கடைசி நாளும்தான். கடைசி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் இதை முடிவு செய்ய வேண்டும்.

புதிய மெயிலாக எழுதாதீர்கள். நீங்கள் அனுப்பியதையே திறந்து, அதற்கே பதிலாக ‘30.06.2026 அன்று அனுப்பிய கீழ்க்காணும் கேள்விக்குத் தங்கள் பதிலை எதிர்நோக்குகிறேன். கடைசி நாள் 07.07.2026’ என்று இரண்டு வரி எழுதுங்கள். தானியங்கிப் பதிலில் டிக்கெட் எண் வந்திருந்தால், அந்த எண் உள்ள மெயிலுக்குப் பதிலாக எழுத வேண்டும். பொருள் வரியைத் தொடக் கூடாது. தினம் ஒரு புது மெயில் போட்டால் தினம் ஒரு புது டிக்கெட் உருவாகும். சில மென்பொருள்களில் அது உங்களைத் திரும்ப வரிசையின் கடைசியில் நிறுத்தும்.

நினைவூட்டியும் வரவில்லை என்றால் போன். எடுத்ததும் கதையைத் தொடங்காமல், ‘வணக்கம் சார், விண்ணப்ப எண் சொல்லட்டுமா?’ என்று கேட்டு, எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லுங்கள். பிறகு அதே ஒரு கேள்வி. பதில் கிடைத்ததும், ‘இன்று 11.20க்குத் தொலைபேசியில் நேரில் ஒப்படைத்தால் போதும் என்று தெரிவித்தீர்கள், நன்றி’ என்று அதே மெயில் தொடரில் போட்டுவையுங்கள். போனில் சொன்னதற்கு வேறு சாட்சி கிடையாது. பதிவாளருக்கும் துணைவேந்தருக்கும் அமைச்சருக்கும் நகல் போடுவது இந்தக் கட்டத்தில் பயன் தராது. மெயில் மேலே போய், மறுபடி அதே மேசைக்குத்தான் கீழே வரும், இரண்டு நாள் தாமதமாக.

“தங்கள் கோரிக்கை பரிசீலிக்கப்படும்”னு பதில் வந்திருக்கு. அப்ப சரிதான?

சரியில்லை. அது ‘ஆம்’ இல்லை. போர்ட்டலில் நிலை மாறுகிறதா என்று பாருங்கள், மாறாவிட்டால் அதே தொடரில் கேள்வியை மறுபடி ஒட்டுங்கள்.

‘உறுதிமொழிக் கடிதம் தருக’ என்று வந்தால் அது நல்ல பதில். இந்த நாளுக்குள் புரொவிஷனலை ஒப்படைப்பேன், இல்லையேல் சேர்க்கை ரத்தாவதை ஏற்கிறேன் என்று நீங்களும் பெற்றோரும் கையெழுத்திடும் தாள் அது. அவர்களே படிவம் வைத்திருப்பார்கள், அதைத்தான் பயன்படுத்த வேண்டும். எழுதும் தேதி உங்களால் முடிகிற தேதியாக இருக்கட்டும். ஒப்புக்கொள்வதற்கு முன் கல்லூரி அலுவலகத்தில் புரொவிஷனல் எப்போது வரும் என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். ‘சரிபார்ப்பின்போது தரலாம்’ என்று வந்தால் அந்த மெயிலை அச்செடுத்து ஜூலை 14 அன்று கோப்பின் முதல் தாளாக வையுங்கள். சரிபார்க்கும் மேசையில் இருப்பவர் உங்களுக்குப் பதில் எழுதியவராக இருக்க மாட்டார்.

பிளஸ் டூ மார்க் ஷீட்ல இனிஷியல், ஆதார்ல அப்பா பேரு முழுசா இருக்கு. அதனால தான் எடுக்கல்லியோ?

இருக்கலாம். இனிஷியல் பெயருக்கு முன்னால் ஒரு தாளிலும், பின்னால் இன்னொரு தாளிலும் வருவது நம் ஊரில் சாதாரணம். சிலருக்கு ஒரு தாளில் ஞானஸ்நானப் பெயரும் சேர்ந்திருக்கும். தமிழ்நாட்டு அலுவலகங்களுக்கு இனிஷியல் விரிவது பழக்கமான விஷயம். வெளிமாநிலத்தில் அதையே வேறு ஆள் என்று எடுத்துக்கொள்வார்கள். ஆனால் அப்படி என்றால் போர்ட்டலில் `Not Submitted` என்று வருவதைவிட, நிராகரித்ததாகவோ பெயர் பொருந்தவில்லை என்றோ குறிப்பு வரத்தான் வாய்ப்பு அதிகம். அந்தச் சொல்லைச் சரியாகப் படித்துவிட்டு எழுதுங்கள். குறிப்பு அப்படி இருந்தால் கேள்வியும் மாறும்: இரண்டு தாளில் உள்ள பெயரையும் எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதி, ‘இருவரும் ஒருவரே என்பதற்கு நோட்டரி உறுதிமொழிப் பத்திரம் போதுமா?’ என்று கேளுங்கள். மெயிலின் அடியில் விண்ணப்பத்தில் உள்ள பெயரை மட்டும் போடுங்கள்.

ஒரிஜினலே தொலைஞ்சு போச்சு. என்ன கேக்கணும்?

முதலில் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் தொலைந்த ஆவணத்துக்கான அறிக்கை பதிவு செய்யுங்கள். `LDR` என்று அதற்கு ஓர் எண் வரும். பிறகு, தாளைக் கொடுத்த இடத்தில் மறுபிரதிக்கு விண்ணப்பித்து, அந்த ரசீதை வாங்குங்கள். இந்த இரண்டும் கையில் வந்த பிறகுதான் சேர்க்கை அலுவலகத்துக்கு எழுத விஷயம் கிடைக்கும்: ‘மறுபிரதி வரும் வரை `LDR` அறிக்கையையும் விண்ணப்ப ரசீதையும் ஏற்பீர்களா?’ இரண்டும் இல்லாமல் ‘தொலைந்துவிட்டது’ என்று மட்டும் எழுதினால், ‘மறுபிரதி பெற்று வரவும்’ என்று ஒரு வரிதான் வரும்.

நேர்ல போயிட்டு வந்தா சீக்கிரம் முடியுமா?

அபிஷேகப்பட்டிக்கு என்றால் காலையில் நாகர்கோவிலில் பஸ் ஏறி மாலைக்குள் திரும்பிவிடலாம். புரொவிஷனல் தாமதத்தைப் பற்றி அங்கே விசாரிக்க, கல்லூரியிலிருந்து ஒரு கடிதமும் தேர்வுப் பதிவெண்ணும் எடுத்துப் போனால் பயன் உண்டு. விண்ணப்ப எண் அங்கே வேலை செய்யாது. சேரப்போகும் பல்கலைக்கழகம் சென்னையிலோ கோயம்புத்தூரிலோ இருந்தால், ஒரு ராத்திரி ரயிலில் போய் வாசலில் ‘மெயில் போடுங்க’ என்ற பதிலை வாங்கி வருவதில் அர்த்தமில்லை. மெயிலுக்கும் போனுக்கும் பதில் இல்லாமல், கடைசி நாளுக்கு இரண்டு வேலைநாள் மட்டும் இருக்கும்போது போகலாம். போனால் அனுப்பிய மெயிலின் அச்சுப் பிரதி இரண்டு கொண்டுபோங்கள். ஒன்றை அவர்களிடம் கொடுத்துவிட்டு, மற்றொன்றில் தபால் பிரிவின் தேதி முத்திரையை வாங்கிக்கொள்ளுங்கள்.